ஐந்து வேலை, ஒரே ஆள்: காரைக்குடியில் ஒரு ரெஸ்யூம் சுருக்கம் உருவான விதம்

அந்தத் தம்பி கொண்டுவந்த ரெஸ்யூம் நான்கு பக்கம் இருந்தது. மேலே ஒரு சுருக்கம், அதற்குக் கீழே ஐந்து வேலைகள். ஐந்தில் நான்குக்கு நேராக ‘இன்று வரை’ என்று போட்டிருந்தார். படித்து முடித்தபோது ஐந்து பேரைப் பற்றிப் படித்தது போல இருந்ததே தவிர, எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் எந்த இடத்திலும் தென்படவில்லை.

நான் சென்னையில் 18 ஆண்டுகள் விடுதிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவள். 2024 ஆடி மாதத்தில் இவர் என்னிடம் வந்தார். பழைய வீடு ஒன்றைப் பாரம்பரிய விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நிர்வாகி தேவைப்பட்டது. அதற்கு விண்ணப்பிப்பதுதான் அவர் நோக்கம். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், எண்கள் அவருடையவை.

வயது 38. பி.காம். படித்தவர், பள்ளத்தூர்ப் பக்கத்துக்காரர். 2012-இலிருந்து மூன்று பழைய வீடுகளைப் பார்த்துக்கொள்கிறார். அவை பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் வீடுகள். மூன்றுக்கும் சேர்த்து 27 பங்குதாரர்கள். பலர் சென்னையில் இருக்கிறார்கள், சிலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். வீட்டு வரி, மின்கட்டணம், காவல்காரர் சம்பளம், மழைக்கு முன் ஓடு மாற்றுவது, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டைத் திறந்து சுத்தம் செய்து வைப்பது எல்லாம் இவர் பொறுப்பு. மாதம் பிறந்தால் அத்தனை பேருக்கும் கணக்கு அனுப்பியாக வேண்டும்.

2015-இலிருந்து வெளியூர்க் கட்டடக் கலைஞர்களுக்கு ஆத்தங்குடிக் கல் என்ற தரை ஓடுகளின் ஆர்டர்களைப் பட்டறையில் கொடுத்து, தரம் பார்த்து, லாரி ஏற்றி அனுப்புகிறார். 2016-இலிருந்து வார இறுதிகளில் கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் வரும் சுற்றுலாக் குழுக்களுக்கு வழிகாட்டி. 2018-இலிருந்து பழைய வீடுகளில் சினிமா, விளம்பரப் படப்பிடிப்பு நடந்தால் வீட்டுக்காரர் பக்கத்துப் பொறுப்பாளர். இவற்றோடு 2012 முதல் 2020 வரை மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் டியூஷன்.

இப்படிப் பல வேலைகளைச் சேர்த்து ஒரு பிழைப்பாக நடத்துவதைப் போர்ட்ஃபோலியோ கேரியர் என்கிறார்கள். சார்லஸ் ஹேண்டி என்ற மேலாண்மைச் சிந்தனையாளர் 1980-களின் கடைசியில் பேசிப் பரப்பிய கருத்து அது. நம் பக்கத்துச் சிற்றூர்களில் அந்தப் பெயர் வருவதற்கு முன்பே அந்த வாழ்க்கை இருந்தது. ஒரே வேலையில் முழுச் சம்பளம் கிடைக்காத ஊரில் கெட்டிக்காரர் நாலு வேலை பார்ப்பார். அதைத் தாளில் எழுத வரும்போதுதான் சிக்கல்.

அவர் எழுதியிருந்த சுருக்கம் இது:

“கணக்கு, சுற்றுலா, கட்டுமானப் பொருள், சினிமா, கல்வி ஆகிய துறைகளில் பரந்த அனுபவம் கொண்ட பன்முகத் திறமையாளர். கடின உழைப்பு, நேர்மை, சிறந்த தொடர்புத் திறன் உடையவர். எந்தப் பொறுப்பையும் ஏற்கத் தயார்.”

இதை 11 இடங்களுக்கு அனுப்பியிருந்தார். இரண்டு இடங்களிலிருந்து போன் வந்தது. இரண்டு பேருமே முதலில் கேட்டது ஒன்றுதான்: “இதுல உங்க மெயின் வேலை எது சார்?”

படிப்பவர் எங்கே தடுக்குகிறார்

அந்தக் கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதையே கேட்டிருக்கிறேன். கட்டுக்கட்டாகத் தாள் பார்ப்பவர் கடைசி வேலையின் பெயர், தேதிகள், மேலே உள்ள நாலு வரி, இவ்வளவைத்தான் முதலில் பார்ப்பார். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் மனத்தில் மூன்று சந்தேகம் எழும். இதில் எதையாவது முழுசாகச் செய்திருக்கிறாரா? எடுத்தால் நிலைப்பாரா, இங்கேயும் பகுதிநேரமாகத்தான் இருப்பாரா? எதுவும் சரியாக அமையாததால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்திருக்கிறாரா?

பல வேலை பார்த்தவரின் சுருக்கம் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே கம்பெனியில் 12 ஆண்டுகள் இருந்தவருக்கு இந்தத் தேவை இல்லை, அவருடைய தேதிகளே பதில் சொல்லிவிடும். இவர் எழுதிய ‘பன்முகத் திறமையாளர்’ என்ற சொல் மூன்று சந்தேகத்தையும் ஒரே அடியில் உறுதிப்படுத்திவிட்டது. ‘எந்தப் பொறுப்பையும் ஏற்கத் தயார்’ என்பது அதைவிட மோசம். எழுதியவர் பணிவாக எழுதினார். படிப்பவருக்கு அது ‘எனக்கே தெரியவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும்.

இன்னொரு பிழையும் இருந்தது. அது சுருக்கத்தில் இல்லை, ஆனால் சுருக்கத்தைக் கெடுத்தது. ஓர் இணைய விண்ணப்பத்தில் ‘மொத்த அனுபவம்’ என்ற கட்டத்தில் 43 ஆண்டுகள் என்று விழுந்திருந்தது. வீடு 12, கல் 9, வழிகாட்டி 8, படப்பிடிப்பு 6, டியூஷன் 8. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக ஏற்றினார். படிவம் அப்படியே கூட்டிவிட்டது. 38 வயதுக்காரருக்கு 43 ஆண்டு அனுபவம். அதைப் பார்த்தவர் மேற்கொண்டு படித்திருக்க மாட்டார். ஒரே காலத்தில் நடந்த வேலைகளுக்கு ஆண்டு ஒரே முறைதான் ஓடும். அவருடைய அனுபவம் 12 ஆண்டுகள்.

நான் செய்த தவறு

முதல் சந்திப்பில் நானே தவறான பக்கம் கூட்டிப்போனேன். ஐந்து வேலையையும் பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது ‘செட்டிநாட்டுப் பாரம்பரியம்’. பழைய வீடு, ஆத்தங்குடிக் கல், சுற்றுலா, படப்பிடிப்பு எல்லாம் அதற்குள் அழகாக அடங்கின. “செட்டிநாட்டுக் கட்டடப் பாரம்பரியத்தைக் காத்து உலகுக்கு அறிமுகப்படுத்துபவர்” என்று ஒரு வரி எழுதினேன். அவருக்கும் பிடித்திருந்தது. நன்றாக ஒலித்தது.

அந்த வரியோடு ஒரு வடிவமைப்பு நிறுவனத்துக்குப் பேசப் போனார். அவர்கள் கேட்டது சுண்ணாம்புக் காரை பற்றி. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைக்கும் அந்தப் பழைய பூச்சு விரிசல் விட்டால் எப்படிச் சரிசெய்வீர்கள், ஈரம் ஏறிய சுவரில் எதை முதலில் பார்ப்பீர்கள் என்று. இவருக்கு அதெல்லாம் தெரிந்த கொத்தனாரைத் தெரியும், இவருக்குத் தெரியாது. தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “அக்கா, நீங்க எழுதுனது பொய் இல்ல. ஆனா அவங்க கேட்டது என் வேலைய இல்ல.”

அதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பல வேலைகளை இணைக்கும்போது கைக்கு முதலில் கிடைப்பது பொருள்வழி இழை. எல்லாம் ஒரே ஊர், ஒரே துறை, ஒரே விஷயம் என்று காட்டுவது. கண்ணுக்கு உடனே தெரிவதால் ஆசை காட்டும். ஆனால் ஒரு பொருளின் பெயரைச் சொன்னவுடன் அந்தப் பொருளில் ஆழம் உண்டு என்று சொல்லிவிட்டதாக ஆகிறது. அந்த ஆழம் இல்லாதவருக்கு அதுவே பொறி. தவிர, டியூஷன் அதில் சேரவே இல்லை என்பதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

அடுத்தது திறன்வழி இழை: ‘ஒருங்கிணைப்பு’, ‘மக்கள் தொடர்பு’ போன்றவை. இது பொறி வைக்காது, ஆனால் எதையும் பிடிக்காது. கல்யாண மண்டப மேலாளர் முதல் பள்ளித் தலைமையாசிரியர் வரை யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். யாரையும் வெளியே நிறுத்தாத சொல் ஒருவரை அடையாளம் காட்டாது.

நான்கு கேள்விகள்

இரண்டாவது சந்திப்பில் ரெஸ்யூமை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டை எடுத்தோம். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கேள்வி. பணம் கொடுத்தவர் யார்? வேலை நடக்கும்போது அவர் எங்கே இருந்தார்? அவருக்கு எதைப் பற்றிப் பயம்? வேலை முடிந்ததும் நீங்கள் அவர் கையில் என்ன கொடுத்தீர்கள்?

‘என்ன வேலை செய்தீர்கள்’ என்று வேண்டுமென்றே கேட்கவில்லை. கேட்டால் பதவிப் பெயர்தான் வரும், பதவிப் பெயர்கள்தான் ஒன்றோடொன்று ஒட்ட மறுக்கின்றன. பணம் கொடுத்தவர் பக்கம் போய் நின்று பார்த்தால் வேறு காட்சி தெரியும்.

வீடுகள்: பணம் கொடுத்தவர்கள் பங்காளிகள். இருந்தது சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர். பயம், வீடு பாழாவதும் பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் போவதும். கையில் கொடுத்தது மாதக் கணக்கு, ரசீதுகளின் நகல், ஒவ்வொரு கட்டுக்கும் மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்.

கல்: பணம் கொடுத்தவர் பெங்களூர்க் கட்டடக் கலைஞர். பட்டறைக்கு ஒரே ஒரு முறை வந்தார். பயம் நிறம் மாறுவது பற்றி. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, பின்புறம் சாந்து போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காய வைப்பார்கள். கை மாறினாலோ வண்ணப்பொடி மாறினாலோ சாயல் மாறிவிடும். இவர் கையில் கொடுத்தது ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கல்லைப் பட்டறையிலேயே மாதிரியாக வைத்து ஒப்பிட்டு எழுதிய பட்டியல்.

மூன்றாவதாகப் படப்பிடிப்பை எழுதும்போது அவரே பேனாவை நிறுத்திவிட்டார். பணம் கொடுத்தது வீட்டுக்காரர், இருந்தது சென்னை, பயம், தேக்குத் தூணில் ஆணி அடிப்பார்கள், பட்டாலையில் விளக்கு ஸ்டாண்டை இழுத்துத் தரையைக் கீறுவார்கள் என்று. கையில் கொடுத்தது, வருவதற்கு முன் எடுத்த படம், போன பின் எடுத்த படம், சேதத்துக்குப் பிடித்த தொகையின் ரசீது.

“எல்லாருமே ஊர்ல இல்லாதவங்களா இருக்காங்கக்கா,” என்றார்.

ஆமாம். வழிகாட்டி வேலையிலும் பணம் கொடுத்த சுற்றுலா நிறுவனம் சென்னையில் இருந்தது. குழுவை நம்பி இவரிடம் விட்டது. டியூஷன் மட்டும் இதில் வரவில்லை. பெற்றோர்கள் அடுத்த தெருவில் இருந்தார்கள். அதை வலிந்து சேர்க்க வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தோம். ஐந்தில் நான்கு இயல்பாகச் சேர்கிறது என்றால் இழை உண்மையானது. ஐந்தும் சேர வேண்டும் என்று இழுத்தால் இழை மறுபடி ‘ஒருங்கிணைப்பு’ ஆகிவிடும்.

ஆக, அவர் தொழில் இது: உரிமையாளர் ஊரில் இல்லாதபோது அவருடைய சொத்தையும் வேலையையும் இடத்தில் நின்று நடத்தி, கணக்கோடு ஒப்படைப்பது. இதை நான் பிரச்சினைவழி இழை என்று சொல்வேன். அவர் எந்தத் துறையில் இருக்கிறார் என்பதைவிட, யாருடைய எந்தக் கவலையைத் தீர்க்கிறார் என்பது அது.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார், அங்கே கடையை நடத்தியவர் ஏஜெண்டு, மேலாள். பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் போவார். முதலாளியின் பணம் அவர் கையில், கணக்கு மட்டும் ஊருக்கு வந்துகொண்டிருக்கும். இதைச் சொன்னபோது அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய பாட்டனார் தேவகோட்டையைச் சேர்ந்த ஒருவரின் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்து பிறகு அடுத்தாளாக உயர்ந்தவராம். தாளில் அதை எழுதவில்லை. ஆனால் தன் வேலைக்கு ஒரு வடிவம் உண்டு என்ற தெளிவு அவருக்கு அன்றுதான் வந்தது என்று நினைக்கிறேன்.

எழுதிய சுருக்கம்

மூன்று நாள் எழுதி அழித்தோம். விண்ணப்பம் ஆங்கிலத்தில் போனது, பொருள் இதுதான்:

“ஊரில் இல்லாத உரிமையாளர்களின் சொத்துகளை இடத்தில் இருந்து நடத்தி, மாதந்தோறும் கணக்கோடு ஒப்படைக்கும் சொத்து நிர்வாகி, செட்டிநாட்டில் 12 ஆண்டுகள். 27 பங்குதாரர்களுக்குச் சொந்தமான 3 பழைய வீடுகளின் பராமரிப்பு, ஆட்கள், செலவுக் கணக்கு இவர் பொறுப்பு. அதே முறையில் வெளியூர்க் கட்டடக் கலைஞர்களுக்கு 14 ஆத்தங்குடிக் கல் ஆர்டர்களையும், பழைய வீடுகளில் 9 படப்பிடிப்புகளையும் நடத்திக் கொடுத்தவர். 2016 முதல் சுற்றுலாக் குழுக்களை இந்த வீடுகளுக்கு அழைத்துச் செல்வதால் விருந்தினர் என்ன கேட்பார்கள் என்பதை நேரில் அறிந்தவர். பாரம்பரிய விடுதியில் முழுநேர நிர்வாகப் பொறுப்பை நாடுகிறார். வீட்டுக் கணக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடரும்.”

ஆறு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

முதல் வாக்கியத்தில் எந்த வேலையின் பெயரும் தனியாக இல்லை. இழை மட்டும் இருக்கிறது, பிறகு ஒரு பெயர்: சொத்து நிர்வாகி. இந்தப் பெயரைப் பற்றி நிறையப் பேசினோம். ‘மேலாளர்’ என்று போட அவருக்கு விருப்பம். ஆனால் யாரும் அவருக்கு அந்தப் பதவியைத் தந்ததில்லை. வீடுகளை நிர்வகிக்கப் பங்காளிகள் கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறது, ஆகவே ‘நிர்வாகி’ என்பதற்குச் சான்று உண்டு. பல வேலைக்காரர் தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், வேறு யாரும் வைக்க மாட்டார்கள். அந்தப் பெயர் செய்த வேலையின் பெயராக இருக்கலாம், வகிக்காத பதவியின் பெயராக இருக்கக் கூடாது. விசாரித்துப் பார்ப்பவர் பங்காளிகளில் யாரிடமாவது போனில் கேட்டால் அதே சொல் அங்கேயும் வர வேண்டும்.

இரண்டாவது வாக்கியம் நங்கூரம். ஐந்தில் நீண்டதும், கேட்கும் வேலைக்கு மிக நெருங்கியதும் எதுவோ அது முழு வாக்கியம் பெறுகிறது. மற்றவை அதற்குத் துணை நிற்கின்றன. சம இடம் கொடுத்தால் மறுபடி ஐந்து பேர் வந்துவிடுவார்கள்.

மூன்றாவதில் ‘அதே முறையில்’ என்ற இரண்டு சொற்கள்தான் முழு வேலையையும் செய்கின்றன. கல்லுக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று படிப்பவர் கேட்கும் முன் பதில் வந்துவிடுகிறது. அந்தச் சொற்களை எடுத்துவிட்டுப் படித்தால் அது வெறும் பட்டியல். 14, 9 என்ற எண்களை அவருடைய ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினோம். நினைவில் அவர் சொன்னது ‘இருபது ஆர்டர் இருக்கும்’. எண்ணினால் 14 வந்தது.

கடைசி வாக்கியத்தை எழுதத்தான் அவருக்குத் தயக்கம். வீட்டுக் கணக்கு தொடரும் என்று முன்கூட்டியே சொன்னால் வாய்ப்புப் போய்விடுமோ என்று பயந்தார். நான் விடவில்லை. நிலைப்பாரா என்ற சந்தேகம் படிப்பவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. எது நிற்கும், எது தொடரும், எந்த நாளில் தொடரும் என்று சொன்னால் சந்தேகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுக்குச் சுருங்கிவிடும். சொல்லாமல் விட்டு வேலைக்குச் சேர்ந்தபின் தெரிந்தால் அது ஒளித்ததாக ஆகும்.

டியூஷன் சுருக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கிறது. சுருக்கத்திலிருந்து ஒன்றை எடுப்பது மறைப்பது ஆகாது. முழு வேலை வரலாற்றையும் கேட்கும் படிவத்தில் அதையும் எழுதியே ஆக வேண்டும்.

சுருக்கத்துக்குக் கீழேயும் ஒரு மாற்றம் செய்தோம், அது இல்லாவிட்டால் மேலே எழுதியது நிற்காது. நான்கு தனித்தனி வேலைகளை ‘தனிப்பொறுப்புச் சொத்து நிர்வாகம், செட்டிநாடு, 2012 முதல் இன்று வரை’ என்ற ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்தோம். உள்ளே ஒவ்வொன்றும் அதனதன் தொடக்க ஆண்டோடு ஒரு பத்தி. இணையப் படிவத்தில் அதை ஒரே பதிவாக ஏற்றினார். 43 போய் 12 வந்தது.

செட்டியார் கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். அன்றாடம் வருவதும் போவதும் குறிப்பில் ஏறும், அங்கிருந்து பெயர்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும், கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்து ஐந்தொகை போடுவார்கள். அவர் பழைய சுருக்கம் பேரேட்டின் பெயர்களை வரிசையாக வாசித்தது. முதலாளி கேட்டது ஐந்தொகை.

சோதித்துப் பார்த்தது

இழை சரியா என்று எழுதியவருக்குத் தெரியாது. அதனால் அவரைத் தெரியாத மூன்று பேரிடம் சுருக்கத்தை மட்டும் காட்டினேன். ஒருவர் மதுரையில் விடுதி நடத்துபவர், ஒருவர் தணிக்கையாளர், ஒருவர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். ஒரு தடவை படிக்கச் சொல்லி, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “இவருக்கு என்ன வேலை கொடுக்கலாம், முதலில் என்ன கேட்பீர்கள்?” என்று கேட்டேன்.

பழைய சுருக்கத்துக்கு மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள்: கணக்கர், கைடு, ‘தெரியலையே’. புதியதுக்கு, சொற்கள் வேறு வேறாக இருந்தாலும், மூவரும் வீட்டையோ கடையையோ நம்பி விட்டுவிட்டுப் போகலாம் என்ற இடத்துக்கு வந்தார்கள். வேலையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இரண்டாவது கேள்விக்கு வந்த பதில். தணிக்கையாளர், “27 பேர்ல ரெண்டு பேர் சண்டை போட்டா யார் சொல்றத கேப்பீங்கன்னு கேப்பேன்,” என்றார். நல்ல சுருக்கத்தின் அடையாளம் அது. படிப்பவர் மனத்தில் எழும் கேள்வி, எழுதியவருக்குப் பதில் தெரிந்த இடத்தில் விழுகிறது. என்னுடைய பாரம்பரிய வரி தவறியதும் இதே இடத்தில்தான். அது எழுப்பிய கேள்வி அவருக்குப் பதில் தெரியாத பக்கம் விழுந்தது.

விடுதிக்காரர்கள் நேர்முகத்தில் ஏறக்குறைய அதையே கேட்டார்கள்: கணக்கில் தகராறு வந்ததுண்டா, பொருளில் குறை வந்ததுண்டா? இவர் கல் கதையைச் சொன்னார். ஓர் ஆர்டரில் 600 சதுர அடிக்குச் சிவப்பு சற்றே மங்கி வந்துவிட்டது. லாரி ஏற்றும் முன் மாதிரிக் கல்லோடு ஒப்பிட்டதால் தெரிந்தது. கட்டடக் கலைஞருக்குப் படம் அனுப்பி, அந்தத் தொகுதியை அடுக்களைக்கும் பின்கட்டுக்கும் மாற்றி, கூடத்துக்குப் புதிதாக ஊற்றச் சொன்னார். வண்டி இரண்டு வாரம் தாமதம். பட்டறைக்காரருக்கும் நட்டமில்லை. கேட்டவர்கள் அதற்குப் பிறகு சினிமாவைப் பற்றியோ டியூஷனைப் பற்றியோ கேட்கவே இல்லையாம்.

எங்கே இது செல்லாது

அரசுப் பணிக்கும் வங்கித் தேர்வுக்கும் இந்த முறையால் பயனில்லை. அங்கே கட்டங்களை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். உரிமம், பதிவு எண் கேட்கும் தொழில்களிலும் அந்தத் தகுதிதான் முதல் வரி. மருந்தாளுநர் தன்னை ‘மக்களின் கவலையைத் தீர்ப்பவர்’ என்று தொடங்கினால் தாள் திரும்பி வந்துவிடும்.

நான்கு கேள்வியையும் கேட்ட பிறகும் இழை கிடைக்காத ஆட்களும் உண்டு. பகலில் நெசவுக் கூட்டுறவில் எழுத்தர், இரவில் மென்பொருள் சோதனை செய்பவர் என்று ஒரு பெண் வந்தார். பணம் கொடுத்தவர்கள் வேறு, பயங்கள் வேறு, கையில் கொடுத்த பொருளும் வேறு. இரண்டு தனி ரெஸ்யூம் எழுதிக் கொடுத்தேன். இல்லாத இழையைத் திரித்தால் முதல் கேள்வியிலேயே அறுந்துவிடும்.

வேறு வேலைக்கு விண்ணப்பித்தால் இவரும் சுருக்கத்தை மாற்றத்தான் வேண்டும். ஆத்தங்குடிக் கல் வெளியூருக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்துக்காக இன்னொன்று எழுதிப் பார்த்தோம். முதல் வாக்கியத்தில் ‘சொத்துகளை’ என்பது ‘ஆர்டர்களை’ என்று மாறியது, 14 ஆர்டர்கள் இரண்டாம் வாக்கியத்துக்கு ஏறின, வீடுகள் மூன்றுக்கு இறங்கின, வழிகாட்டி வேலை விழுந்துவிட்டது. ஊரில் இல்லாதவருக்காக இடத்தில் நின்று கணக்கோடு ஒப்படைப்பவர் என்பது அப்படியே இருந்தது. நங்கூரம் இடம் மாறலாம். இழையும் மாறினால், அதைக் கண்டுபிடிக்காமல் இட்டுக்கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

லிங்க்ட்இன் பக்கத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அங்கே பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துதான் இடம். சொத்து நிர்வாகம் மட்டும் இருந்தால் போதும் என்றேன். அவருக்கு வழிகாட்டி வேலைதான் மனதுக்கு நெருக்கம். முகப்பில் ஆட்களை நிறுத்தி, ஒரு வாசலுக்குள் இன்னொரு வாசலாகப் பின்கட்டு வரை நேராகத் தெரிவதைக் காட்டும்போது அவர்கள் பேச்சை நிறுத்துவதைப் பார்ப்பதற்காகவே எட்டு வருஷமாகச் சனிக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறார். அந்த வேலை நான்காவது வாக்கியத்துக்குப் போனதில் அவருக்கு வருத்தம் இருந்தது, எனக்கும் தெரியும்.

வேலை கிடைத்தது. மூன்று மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்று பேச்சு. ஞாயிறு கணக்குக்கு ஒப்புக்கொண்டார்கள். படப்பிடிப்புப் பொறுப்பை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். விடுதியிலேயே படப்பிடிப்பு நடக்கலாம், இரண்டு பக்கமும் ஒரே ஆள் நிற்கக் கூடாது என்பது அவர்கள் காரணம். நியாயமானது. சேர்ந்த இரண்டாம் வாரம் அவர் லிங்க்ட்இன் தலைப்பு வரியை மாற்றியிருந்தார். விடுதிப் பொறுப்பு முதலில், அதற்கு அடுத்து, நான் வேண்டாம் என்று சொன்ன இடத்தில், ‘சனிக்கிழமைகளில் வழிகாட்டி’. விடுதிக்கு வரும் விருந்தினர்களை இப்போது அவரே கூட்டிப்போகிறார். அந்த வரியை நான் மாற்றச் சொல்லவில்லை.